அங்கம் தேடிய அங்கவீனம்

அங்கவீனம் என்ற சொல்லிலேயே அங்கம் இருக்கிறதல்லவா? கிராம சேவகரின் கடிதத்தோடு சான்றிதழுக்குப் போன என் மகனின் கையைப் பார்த்தார் மேசைக்காரர், காலைப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தானே இரிக்கு தங்கச்சி?” என்றார்.

வயது ஒன்பது. கல்முனைக் கடற்கரையில் நின்றுகொண்டே ‘கடல்’ என்ற மூன்றெழுத்தைக் கூட்டி வாசிக்கத் திணறுவான். கீரி மீன் விலை மட்டும் தலைகீழ்ப் பாடம்.

வைத்தியர் முதலில் காதும் கண்ணும் பார்க்கச் சொன்னார். காது கேளாத பிள்ளைக்கும் வகுப்பில் ‘மொக்கன்’ பட்டம்தானே. பிறகு நுண்ணறிவுச் சோதனை. சுமார் 70க்குக் கீழே வந்தால் மட்டும் போதாதாம். தானாக உடுப்பானா, கடையில் மிச்சக்காசு எண்ணி வாங்குவானா என்று உம்மாவிடமும் கேட்பார்கள். இரண்டிலும் பின்தங்கினால்தான் அறிவுவளர்ச்சிக் குறைபாடு. நுண்ணறிவு சரியாக இருந்து எழுத்தில் மட்டும் இடறினால் அது வாசிப்புக் கோளாறு.

நம்மவன் மிச்சக்காசில் புலி. ஆகவே இரண்டாவது. அதற்குப் படிவத்தில் பெட்டி எங்கே என்று மேசைக்காரர் இன்னும் தேடுகிறார்.

நீங்கள் போவதென்றால் பிள்ளையின் பழைய கொப்பிகளையும் வகுப்பாசிரியரின் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். காலைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.