சேர் ஒரு பார்வை பார்க்க

கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளையிடமிருந்து தப்பி, டை கட்டி, சேல்ஸ் ரெப் ஆகி ஹட்டன் டவுனுக்கு வந்தான் லயத்துப் பிள்ளை. தராசு அவனுக்கு முன்னாலேயே வந்து வாட்ஸ்அப் குரூப்பில் உட்கார்ந்திருந்தது.

மாலை ஆறு மணிக்குள் ரிப்போர்ட் போட வேண்டும். எல்லாரும் ஒரே வரிசையில் எழுதினால்தான் கொழும்பில் இருக்கும் மெனேஜர் சேருக்கு ஒரு பார்வையில் விளங்குமாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். பொகவந்தலாவையில் சிக்னல் கிடைக்கும் வளைவில், மழையில் பைக்கை நிறுத்தி ஒருவன் இப்படிப் போடுகிறான் என்று வையுங்கள்:

```
Date: 09
Route: Bogawantalawa
Calls: 30
Bills: 9
Sale: 45000
MTD: 355000
```

முப்பது கடை ஏறி ஒன்பது பில். நூறு பேர் பார்க்க சேரின் குரல்பதிவு வருகிறது: "முப்பதுக்கு ஒன்பதா? தூங்கினியா?" கீழே பத்துப் பேரின் கட்டைவிரல்.

சேருக்கு ஒரு சேதி. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. அதுவரைக்கும் அரிசியும் மாவும் கடைக் கொப்பியில் கடன். ஒன்பதாம் திகதி முதலாளியின் லாச்சியில் காசு இருக்காது, கொப்பிதான் இருக்கும். அந்தக் கடைக்கு பதினோராம் திகதி போனால் அவரே கூப்பிட்டு ஓடர் தருவார். 'வாங்காத காரணம்: காசில்லை, சரக்கு இருக்கு, கடை பூட்டு' என்று ஒரு வரி இருந்திருந்தால், இரண்டே மாதத்தில் திகதியும் காரணமும் சோடி சேர்ந்து கண்ணில் பட்டிருக்கும். ரூட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். பொடியன் அந்த வரியைத் தானாகவே சேர்த்துப் பார்த்தான். "ஃபோர்மெட்டை மாத்தாதே" என்று பதில் வந்தது.

மாற்றவில்லை, கற்றுக்கொண்டான். அடுத்த மாதம் அதே 45,000 ரூபாய், ஆனால் 18 பில். ஒவ்வொரு கடைக்காரரும் வாங்கியதை இரண்டாகக் கிழித்து எழுதியாயிற்று. சேர் கைதட்டினார், "வெரி குட் இம்ப்ரூவ்மென்ட்!" விற்பனையை பில்லால் வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: போன மாதம் பில்லுக்கு 5,000, இந்த மாதம் 2,500. பில் இரட்டித்தும் காசு ஒரு சதம் கூடவில்லை என்றால் என்ன நடந்தது என்று நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நேற்றைய MTD-யோடு இன்றைய Sale-ஐக் கூட்டினால் இன்றைய MTD வர வேண்டும். வராவிட்டால் கணக்குப் பிழை, இல்லாவிட்டால் யாரோ நேற்றையதைக் கொப்பி பண்ணி ஒட்டியிருக்கிறார்கள். இதற்காகத்தானே ஐயா எல்லாரையும் ஒரே வரிசையில் எழுதச் சொன்னீர்கள்?

அவர் பார்ப்பது பில் வரியை மட்டும். அதையும் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு கோல் எடுப்பார்: "இன்னைக்கு எவ்வளவு தம்பி?"

ஆகவே ஃபோர்மெட்டில் ஒரு வரியை நானும் கேட்கிறேன். அதை ரெப் நிரப்பத் தேவையில்லை. 'சேர் வாசித்து முடித்த நேரம்' என்று போட்டு, ஆறரைக்குள் அவரே குரூப்பில் பதியட்டும். தவறினால் அவருக்கும் அரைப்பேர்.