சார்ஜரும் கூடவே பாடுகிறதே!

போனில் பாட்டுப் போட்டு ஆக்ஸ் ஒயரில் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறேன். நன்றாகப் பாடுகிறது. சார்ஜில் போட்டதும் 'ங்ஙீஈஈ' என்று ஒரு ரீங்காரம். போன் போச்சா, ஸ்பீக்கர் போச்சா?
*— குழம்பியவர், சேலம்*

இரண்டும் நலம். சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நிற்கிறது என்பதே இரண்டுக்கும் கிடைத்த நற்சான்று. சந்தேகம் உங்கள் ஆக்ஸ் ஒயர் மேல்தான். அதுகூடக் குற்றவாளி இல்லை, தன் வழியாக வேறொருவர் நடந்து போவதைத் தடுக்கத் தெரியாத அப்பாவி. அந்த வேறொருவர் யார் என்று சொல்ல ஒரு விவரம் தேவை: சார்ஜரை எங்கே செருகியிருக்கிறீர்கள்?

கேட்டதற்குப் பதில்: ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கம் உள்ள யுஎஸ்பி ஓட்டையில்தான். ஒரே இடத்தில் இரண்டு வேலையும் முடிகிறதே என்று.
*— அதே சேலத்துக்காரர்*

அந்த வசதிதான் வில்லன். ஆக்ஸ் ஒயருக்குள் மூன்று பாதைகள்: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அந்த கிரவுண்டைப் பூஜ்யம் என்று நம்பித்தான் ஆம்ப், பாட்டின் வோல்டேஜை அளக்கிறது. நிற்கிற பலகையே ஆடும்போது ஒருவரின் உயரத்தை அளந்தால் எப்படியிருக்கும்? ஆள் அசையமாட்டார், அளவு மட்டும் ஏறி இறங்கும். ஆம்புக்கு நடப்பது அதுதான். பலகையின் ஆட்டத்தையும் அது பாட்டு என்று எண்ணிப் பெருக்கித் தந்துவிடுகிறது.

பலகையை ஆட்டுவது சார்ஜ் கரண்ட். ஆம்பின் யுஎஸ்பியிலிருந்து போனுக்குள் போன கரண்ட், எப்படியும் ஆம்புக்குத் திரும்பியாக வேண்டும். திரும்ப அதற்கு இப்போது இரண்டு வழி: சார்ஜ் கேபிளின் கறுப்பு ஒயர் ஒன்று, ஆக்ஸ் ஒயரின் கிரவுண்ட் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். மெக்கானிக்குகள் 'கிரவுண்ட் லூப்' என்பது இதைத்தான். கரண்ட் ஒரே வழியில் போகிற பழக்கமுடையதல்ல, எது சுலபமோ அதில் அதிகமாகவும் மற்றதில் மீதியாகவும் பிரிந்து போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். போன் 1.5 ஆம்பியர் இழுக்கிறது. சார்ஜ் கேபிளின் திரும்பும் ஒயர் 0.15 ஓம், ஆக்ஸின் கிரவுண்ட் பிளக்கின் தொடுமுனைகளோடு சேர்த்து 0.45 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு, அதாவது சுமார் 0.37 ஆம்பியர், ஆக்ஸ் வழியாகத் திரும்பும். அந்த 0.45 ஓமில் அது உண்டாக்கும் வோல்டேஜ் சுமார் 170 மில்லிவோல்ட். சீராக இருந்தால் கேட்காது, ஆம்பின் நுழைவாயிலில் உள்ள கபாசிட்டர் நேர் கரண்ட்டை நிறுத்திவிடும். ஆனால் சார்ஜ் கரண்ட் சீராக இருப்பதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு துடித்தாலும் 17 மில்லிவோல்ட். போன் தரும் பாட்டே அரை வோல்ட் அளவுதான். பாட்டில் முப்பதில் ஒரு பங்கு ரீங்காரம்! பாட்டு ஓடும்போது மறைந்திருக்கும், இடைவெளியில் தலை நீட்டும்.

சோதித்துப் பாருங்கள்: பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது சத்தம் அதிகமாகவும், 95 தாண்டியதும் குறைவாகவும் இருக்கும். திரையை ஏற்றி அணைத்தால் சுருதி மாறும். அப்படி மாறினால் பிடிபட்டது இந்த லூப்தான். மருந்தும் எளிது: போனைத் தனி சார்ஜரில் சுவரில் போடுங்கள். திரும்பும் கரண்டுக்கு ஆக்ஸில் வேலையே இருக்காது.

நான் சுவர் பிளக்கில்தான் போட்டேன் ஐயா. இரண்டு முள் சார்ஜர், எர்த்தே கிடையாது. எர்த் இல்லாமல் எங்கிருந்து லூப்?
*— விடாக்கண்டன், விருதுநகர்*

இதுதான் கேள்வி! இரண்டு முள் சார்ஜருக்குள் உயர் வோல்டேஜ் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே ஒரு குட்டிக் கபாசிட்டர் இருக்கும். 'ஒய் கபாசிட்டர்' என்பார்கள். சார்ஜர் வேகமாக ஆன்-ஆஃப் ஆகும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சலை அடக்க வைத்தது. அதன் வழியாக மிகச் சிறிய கசிவு போன் பக்கம் வந்து நிற்கும். போன் கையில் இருக்கும்வரை அதற்குப் போக்கிடம் குறைவு. மூன்று முள் ஆம்போடு ஆக்ஸில் சேர்த்துவிட்டால், 'அதோ எர்த்!' என்று ஆக்ஸ் கிரவுண்ட் வழியாக ஓடும்.

அளவு எவ்வளவு? 2.2 நானோஃபாரட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அதிகபட்சக் கணக்குப் போட்டால் சுமார் 0.16 மில்லிஆம்பியர். நல்ல ஆக்ஸ் ஒயரின் அரை ஓமில் அது ஒன்றுமே இல்லை, காதுக்கு எட்டாது. ஆனால் பிளக் துருப்பிடித்தோ, போனின் ஓட்டையில் சட்டைப்பை பஞ்சு அடைத்தோ கிரவுண்ட் தொடுமுனை 20 ஓம் ஆனால் 3 மில்லிவோல்ட் கிளம்பும். அது கேட்கும். ஆகவே முதல் வேலை: பிளக்கைத் துடைத்து இறுக்கிச் செருகுவது, இல்லை வேறு ஆக்ஸ் ஒயர் போடுவது. 50 ஹெர்ட்ஸ் உறுமலைவிட, சார்ஜர் ஆன்-ஆஃப் ஆகும் கூர்மையான துடிப்புகள் மோசமானவை. மலிவு சார்ஜரில் அதை வடிகட்டும் பாகங்களைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். அதனால்தான் 'ம்ம்ம்' என்ற உறுமலாக இல்லாமல் 'ட்ஸ்ஸ்' என்ற கரகரப்பாகக் கேட்கிறது.

அதே மாதிரி இரண்டு முள் சார்ஜரில் போட்டபடி போனின் உலோக ஓரத்தை விரலால் தடவினால் சொரசொரவென்று ஏதோ ஓடுகிறது. ஷாக்கா?
*— பயந்தவர், நாகர்கோவில்*

மேலே சொன்ன அதே கசிவு. கால் மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் தரமான சார்ஜருக்கு அனுமதிக்கப்பட்டதுதான். சார்ஜரில் பிஐஎஸ் பதிவு எண்ணைத் தேடுங்கள், 'R-' என்று தொடங்கும். அது இல்லை, தடவல் போய் 'சுரீர்' என்று அடிக்கிறது என்றால் ரீங்காரத்தை மறந்துவிட்டு சார்ஜரைக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் மைக்செட்காரர் "ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடு, ஹம்மிங் நிற்கும்" என்கிறார். வெட்டலாமா?
*— கத்தியோடு காத்திருப்பவர், திண்டுக்கல்*

நிற்கும். அதுதான் ஆபத்து. வெட்டினதும் பலன் தெரிவதால் ஊரெல்லாம் இந்த வைத்தியம் பரவியிருக்கிறது. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரில் ஒருநாள் இன்சுலேஷன் போனால் பெட்டியின் உடம்பு 230 வோல்ட் ஆகும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லையென்றால் பெட்டியோடு சேர்ந்த ஆக்ஸ் கிரவுண்ட், அதோடு சேர்ந்த போன், அதைப் பிடித்திருக்கிற கை, என்று வரிசையாக வரும். கத்தியை மடக்குங்கள்.

வெட்டாமல் எப்படி நிறுத்துவது?
*— மடக்கியவர், திண்டுக்கல்*

முதலில் மூன்று சோதனை. போனைச் சுவரில் செருகாத பவர் பேங்கில் போடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றம் லூப் மேல். பவர் பேங்க் சுவரோடும் ஆம்போடும் சம்பந்தமில்லாதது, வளையமே உருவாகாது. அடுத்து, ஆம்பைக் கழற்றி, சார்ஜில் இருக்கும் போனில் ஒயர் இயர்போன் மட்டும் போட்டுக் கேளுங்கள். அமைதி என்றால் மீண்டும் லூப்தான். அதிலும் இரைச்சல் வந்தால் போனுக்குள்ளோ இடையிலிருக்கும் டாங்கிளிலோ சிக்கல், வெளி மருந்து உதவாது. மூன்றாவது, புளூடூத். அதில் அமைதி வரத்தான் செய்யும், ஒயரே இல்லையே!

லூப் என்று உறுதியானால் கடையில் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டும், இரு பக்க கிரவுண்டும் தொட்டுக்கொள்ளாது. போனுக்கும் ஆம்புக்கும் நடுவே ஆக்ஸில் செருக வேண்டும், சார்ஜ் ஒயரில் அல்ல. சிலர் அதைச் சார்ஜரோடு மல்லுக்கட்ட விட்டு "வேலை செய்யவில்லை" என்று திருப்பித் தருகிறார்கள்.

ஐசோலேட்டர் போட்டேன். ரீங்காரம் போச்சு. கூடவே தவிலும் போச்சு!
*— பேஸ் பிரியர், கும்பகோணம்*

கட்டைவிரல் அளவு இரும்பில் அடிமட்ட அதிர்வெண் கஷ்டப்படும். அதிக சத்தத்தில் மையம் நிறைந்து கரகரக்கவும் செய்யும். போனின் வால்யூமைச் சற்றுக் குறைத்து ஆம்பில் ஏற்றினால் தவில் திரும்பும். பெரிய மையம் கொண்ட விலை உயர்ந்த ஐசோலேட்டரும் உண்டு. கல்யாண மண்டபத்தில் தொழில் செய்பவர் என்றால் டிஐ பாக்ஸ் வாங்குங்கள்.

ஒயரே வேண்டாம் என்று புளூடூத் ரிசீவர் வாங்கி, ஆம்பின் யுஎஸ்பியில் செருகி, ஆக்ஸில் கொடுத்தேன். இப்போதும் ரீங்காரம்! புளூடூத்தும் பொய்யா?
*— ஏமாந்தவர், திருப்பூர்*

போனைத்தான் லூப்பிலிருந்து விடுவித்தீர்கள், ரிசீவரை அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். அதற்கும் யுஎஸ்பியில் ஒரு கிரவுண்ட், ஆக்ஸில் ஒரு கிரவுண்ட். தனி சார்ஜரில் போடுங்கள். இல்லை, பேட்டரி உள்ள ரிசீவர் வாங்கி, பாடும்போது பிடுங்கிவிடுங்கள்.

காரில் போனைச் சார்ஜில் வைத்து ஆக்ஸ் போட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் சுருதி ஏறுகிறது. கார் பாடுகிறதா?
*— ஓட்டுநர், கோவை*

ஆல்டர்னேட்டர் பாடுகிறது. எஞ்சின் வேகத்தோடு அதன் துடிப்பும் ஏறும். லைட்டர் ஓட்டையின் கிரவுண்டும் மியூசிக் சிஸ்டத்தின் கிரவுண்டும் காரின் உடம்பில் வெவ்வேறு இடத்தில் பிடித்திருப்பதால், நடுவில் உள்ள வித்தியாசம் உங்கள் ஆக்ஸ் வழியாக ஓடுகிறது. மேலே சொன்ன ஐசோலேட்டர் இங்கேதான் மிக நன்றாக வேலை செய்யும். சுருதி ஏறாமல் ஒரே மாதிரி கத்தினால் லைட்டர் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத போன். சார்ஜும் ஆக்ஸும் ஒன்றாகத் தரும் டைப்-சி இரட்டை அடாப்டர் வாங்கினேன். இயர்போனிலேயே இரைகிறது.
*— சிக்கனம், தஞ்சாவூர்*

ஐசோலேட்டர் வாங்க ஓடாதீர்கள், காசு வீண். அந்த அடாப்டருக்குள் பாட்டுச் சில்லும் சார்ஜ் கரண்டும் ஒரே சிறு கிரவுண்டைப் பங்குபோடுகின்றன. இரைச்சல் பாட்டுக்குள் கலந்த பிறகே வெளியே வருகிறது. வேறு அடாப்டர் பாருங்கள், அல்லது போன் தாங்குமானால் வயர்லெஸ் சார்ஜரில் வைத்து, டைப்-சியை ஆக்ஸுக்கு மட்டும் விடுங்கள்.

செலவே இல்லாமல் ஏதாவது?
*— கையில் காசில்லாதவர், காஞ்சிபுரம்*

உண்டு. ரீங்காரம் போனுக்கு அப்பால், ஒயரில் சேருகிறது. போன் வால்யூமைப் பாதியில் வைத்து ஆம்பைத் திருகினால் பாட்டோடு அதுவும் வளரும். போனை முழுக்க ஏற்றி ஆம்பைக் குறையுங்கள். பாதிக்கு மேல் மறையும். தவில் வேண்டும் என்ற கும்பகோணத்துக்காரர் மட்டும் இதைப் படிக்க வேண்டாம்.