மூன்றாவது தொடுகையே சாட்சி

கேள்வி: விலை வரைபடத்தில் போக்குக்கோட்டை எப்போது நம்பலாம், எப்போது மாற்றி வரையலாம்?
(தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரு கோடு கிடைத்துவிடும்; மூன்றாவது தொடுகைதான் அதற்குச் சாட்சி. நிஃப்டியின் உச்சம் 2021 அக்டோபரில் சுமார் 18,600, 2022 ஜனவரியில் 18,350. இரண்டையும் இணைத்து நீட்டினால் ஏப்ரல் தொடக்கத்தில் 18,140 வருகிறது. சந்தை 18,115 அருகே திரும்பியது. மேல்கோடு உறுதியாயிற்று.

கீழ்க்கோடு அப்படியல்ல. டிசம்பர் தாழ்வான 16,410-இலிருந்து இணையாக இழுத்தால் மார்ச்சில் 16,190 வரும். மார்ச் 7, 8 இரு நாளும் முடிவு விலையே அதற்குக் கீழே இருந்தது. நாளின் நடுவே விலை தாண்டித் திரும்பியிருந்தால் கோட்டை விட்டுவைக்கலாம். முடிவு விலை தாண்டி நின்றால் மாற்ற வேண்டும். மேல்கோட்டின் சாய்வு மாறாமல், கீழ்க்கோடு மட்டும் மார்ச் தாழ்வான 15,671-க்கு இறங்கும். மேலும் இரு தொடுகை கிடைக்கும்வரை அது புள்ளிக்கோடுதான்.