கொதிக்கிற மெயிலுக்கு அப்பாரு போட்ட செக்குபந்தி

வாடா கண்ணு, உக்காரு. ராத்திரி பதினொன்னரைக்குத் திருப்பூர்ல இருந்து காங்கேயத்துக்கு வண்டியை முடுக்கீட்டு வந்தது அப்பாருமேல இருக்குற பாசத்துலன்னு உங்க ஆத்தா வேணும்னா நம்புவா. போனை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருக்கியே, அதுலயே தெரியுது, யாரையோ வெட்டறதுக்கு ஓலை எழுதி வெச்சிருக்கே.

வாசி. முழுசா வாசி, வெக்கப்படாதே.

"நீங்க என் உழைப்பைத் திருடிட்டீங்க. எப்பவுமே இப்படித்தான் பண்றீங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்களைப் பத்தித் தெரியும். மனசாட்சி இருக்கா? அந்த ஐடியா முழுக்க முழுக்க என்னோடது." நகல் ஜி.எம்முக்கு, எச்.ஆருக்கு, ஃபேக்டரி மேனேஜருக்கு. பஞ்சாயத்துத் தலைவரை ஏன் சாமி உட்டுட்டே?

மொதல்ல ஒரு காரியம் பண்ணு. மேல "பெறுநர்"னு இருக்குற எடத்துல அத்தனை பேரையும் அழி. கையி தவறிப் பட்டாலும் போறதுக்கு ஊரு இருக்கக் கூடாது. அழிச்சாச்சா? இப்ப நெதானமாப் பேசலாம்.

நான் முப்பது வருசத்துக்கு மேல பத்திரம் எழுதினவன். பங்காளிங்க மம்பட்டியோட வந்து நிப்பாங்க. "இவன் எங்க நெலத்தைத் தின்னவன்னு எழுதுங்க சாமி"ம்பாங்க. நான் எழுதினதெல்லாம் சர்வே நம்பரு, எத்தனை சென்ட்டு, வடக்கே யாரு, கெழக்கே யாரு. செக்குபந்தி சுத்தமா இருந்தா நெலம் உன்னுது. வசவு எத்தனை நீளமா இருந்தாலும் ஒரு சென்ட்டு சேராது.

உன்ற விசயத்துக்குச் செக்குபந்தி சொல்லு. இருபதாயிரம் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஆர்டரு. ஒரு பீசுக்கு 230 கிராம் துணின்னு போட்டிருந்ததை, சின்ன சைசையும் பெரிய சைசையும் ஒரே மார்க்கர்ல கலந்து அடுக்கி, 218 கிராமுக்குக் கொண்டாந்துட்டே. பன்னெண்டு கிராம்னா ஒண்ணுமில்லாத மாதிரித் தெரியும். இருபதாயிரத்தால பெருக்கினா 240 கிலோ துணி. முதலாளி குதிக்கத்தான் செய்வாரு. அந்தக் கணக்கை 12-ஆம் தேதி சாயந்தரம், இப்ப நீ ஓலை எழுதியிருக்கற அந்தண்ணனுக்கு மெயில்ல அனுப்பினே. 14-ஆம் தேதி மீட்டிங்ல அவரு "நான் குறைச்சேன்"னாரு. மறுநாள் வந்த மீட்டிங் குறிப்புல அவரு பேரு மட்டும் இருக்குது. இதுதானே நடந்தது? இந்த நாலு எல்லையில ஒண்ணாவது நீ எழுதின ஓலையில இருக்குதா, தேடிப்பாரு. தேதி இல்லை, ஷீட்டு இல்லை, குறிப்பு இல்லை. மனசாட்சி மட்டும் இருக்குது.

இப்பக் கத்திரியை எடு. "திருடிட்டீங்க"ங்கறதுல இருந்து ஆரம்பிக்கலாம். அது அவரு மனசுக்குள்ள போயிட்டு வந்தவன் எழுதற சொல்லு. நீ பார்த்தது குறிப்புல உன்ற பேரு இல்லைங்கறதைத்தான். திருட்டுன்னு எழுதிட்டீன்னா, மார்க்கரு பேச்சு அன்னைக்கே செத்துப்போகும். அப்பறம் உன்ற வாயைப் பத்தித்தான் ஆபீசு பேசும். "எப்பவுமே"யும் போகட்டும். போன தீவாளிக்குச் சேம்பிள் ஓகே ஆனப்ப ஜி.எம் முன்னால உன்னைத்தானே அவரு தட்டிக் குடுத்தாரு? நீயே இங்க வந்து பெருமை பேசினே. அந்த ஒண்ணைக் காட்டினாப் போதும், உன்ற "எப்பவுமே" மல்லாந்துரும். "எல்லாருக்கும் தெரியும்"னா, "யாருக்கு?"ன்னு ஜி.எம் கேப்பாரு. ரெண்டு பேரு பேரைச் சொல்லுவே, அவுங்க பொழப்பும் போகும். மனசாட்சிக் கேள்விக்கு மனுசன் என்ன பதில் போடுவாரு, இருக்குதுன்னு தாசில்தார்கிட்டச் சர்டிபிகேட்டா வாங்குவாரு?

மிச்சம் என்ன இருக்குது? "முழுக்க முழுக்க என்னோடது." இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன் ராசா.

சின்ன சைசோட கையிப் பீசைப் பெரிய சைசுக்குப் பக்கத்து இடுக்குல நுழைக்கலாம்னு உனக்குச் சொன்னது யாரு? கட்டிங் மாஸ்டருதானே? அன்னைக்கு ரெண்டு பேரும் டேபிள்கிட்டயே நின்னு டீ குடிச்சுட்டுப் போட்டுப் பார்த்தீங்கன்னு சொன்னியே. உன்ற ஓலையில அந்த மாஸ்டரு பேரு எங்க? அந்தண்ணன் உன்னை முழுங்கினாரு, நீ மாஸ்டரை முழுங்கீட்டு ஏப்பம் உடறே. மூஞ்சியத் தூக்காதே. இதை நீ அனுப்பியிருந்தா அந்தண்ணன் முதல்ல மாஸ்டரைத்தான் கூட்டியாந்து நிறுத்தியிருப்பாரு. அப்பறம் நீ எங்க நிப்பே?

அந்தண்ணனுக்கும் ஒரு பங்கு இருக்குது. துணி குறைஞ்சதைக் காசாக்கிக் காஸ்டிங் போட்டு, பையர்கிட்டப் பேசி வெலை நிறுத்தினது அவருதான். அதை நீயே எழுதிரு. அவரு பங்கை நீ மறுக்கலைன்னு தெரிஞ்சா, உன்ற பங்கை மறுக்க அவருக்கும் சோலி இல்லை.

சரி, நான் சொல்றேன், நீ தட்டு. அவருக்கு மட்டும்.

"வணக்கம்ங்ண்ணா. 14-ஆம் தேதி மீட்டிங் குறிப்புல கன்சம்ப்ஷன் குறைச்ச வேலை உங்க பேர்ல மட்டும் வந்திருக்குதுங்க. 12-ஆம் தேதி நான் அனுப்பின ஷீட்டுல இருக்குற மார்க்கர் கணக்கு நானும் கட்டிங் மாஸ்டரும் போட்டது. காஸ்டிங்கும் பையர்கிட்டப் பேசினதும் நீங்க. குறிப்புல இதை இப்படிப் பிரிச்சுப் போடச் சொல்லி ஒரு வரி அனுப்பறீங்களா? திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள போனா நல்லது, செவ்வாக்கிழமை பையர் கால் இருக்குது. மார்க்கர்ல அவங்க ஏதாச்சும் மாத்தச் சொன்னா என்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. ஷீட்டை மறுபடியும் இதோட வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். "மறந்திருப்பீங்க"ன்னு நான் எழுதலை, பார்த்தியா? நெசமாவே மறந்திருந்தா அவரே சொல்லிக்குவாரு. வேணும்னே பண்ணியிருந்தா, மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க அந்தக் கதவு தொறந்தே கெடக்குது. நீ போயித் தள்ள வேண்டாம். கடைசியில பையர் பேச்சை ஏன் வெச்சேன்னு கேளு. செவ்வாக்கிழமை பையர் மார்க்கரைப் பத்திக் கேட்டா அவரு முழிக்கோணும். அது அவருக்கும் தெரியும்.

என்ன சேர்க்கறே? "உங்க பெருந்தன்மைக்கு நன்றி"யா? எடு அதை. அது தேனுக்குள்ள ஊசி, மெயில் படிக்கறவனுக்கு ஊசிதான் மொதல்ல படும். "சின்ன விசயந்தான், தப்பா எடுத்துக்காதீங்க"வும் வேண்டாம். சின்ன விசயம்னா எதுக்குடா காங்கேயம் வரைக்கும் பெட்ரோலைக் கொளுத்தினே?

திங்கக்கிழமை மத்தியானம் தாண்டியும் அந்தப் பக்கம் அசைவில்லைன்னா, குறிப்பு அனுப்பினவருக்கே நீ ரெண்டு வரி போடு, அந்தண்ணனுக்கு நகல் வெச்சு. "குறிப்புல ஒரு திருத்தம்"னு ஆரம்பிச்சு அதே செக்குபந்தி, அதே ஷீட்டு. முன்னாலயே அனுப்பினேன், பதில் வரலைங்கற புலம்பல் அதுல வேண்டாம். ஷீட்டுத் தேதியைப் பார்த்துக் குறிப்பு அனுப்பினவரே கணக்குப் போட்டுக்குவாரு. இதே ஆளு அடுத்த ஆர்டர்லயும் இப்படிப் பண்ணினாருன்னா அது வேற சோலி. அன்னைக்கு ரெண்டு ஷீட்டையும் எடுத்துட்டு ஜி.எம் ரூமுக்கு நேராப் போயிரு, மெயில் எல்லாம் வேண்டாம்.

இப்ப அனுப்பாதே. காலையில மாஸ்டர்கிட்ட மொதல்ல வாசிச்சுக் காட்டு. பேரு போடறதுக்கு அந்த மனுசன் சம்மதிக்கோணும், தேதியும் சரிதானான்னு பார்க்கோணும். உள்ள போயி உங்க ஆத்தாகிட்டச் சோறு கேளு. பழைய ஓலையை அழிக்கறயா, வெச்சிருக்கறயா? வெச்சிருந்தா எனக்கு அனுப்பு, அந்தப் பஞ்சாயத்துத் தலைவரு நகலை நான் கொண்டு போயிக் குடுத்தர்றேன்.