இரண்டு கட்டம் விட்டுக்கொடுத்தல்: மின்தடைக்கால ஆய்வு ஒன்று

மின்தடை நேரத்தில் வகுப்பறையில் நிகழும் அறிவுச் செயல்பாடுகளை ஆராய முற்படுவோர்க்கு முதல் சிக்கல், ஆய்வுப்பொருளே இருட்டில் கிடப்பது. ஆகவே ஜன்னலோர பெஞ்சு ஒன்றே நமது களம். ராஜா ராணி திருடன் போலீஸ் இவ்வாய்வில் சேராது. அதற்குச் சீட்டுக் கிழிக்க வேண்டும். ஃப்ளேம்ஸில் முடிவு பெயர்களிலேயே அடங்கிவிடுவதால் ஆடுபவருக்கு வேலை இல்லை. புக் கிரிக்கெட்டில் பென்சிலுக்கு ஸ்கோரர் உத்தியோகம் மட்டுமே. எஞ்சுவது, புள்ளி வைத்துக் கோடிழுத்துக் கட்டம் பிடிக்கும் ஆட்டம்.

இதன் வரலாறு ஆய்வாளரின் மானத்தைக் காக்கப் போதுமானது. பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூகாஸ் 1889-இல் இதைப் பற்றி எழுதினார். பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் கண்டுபிடித்தது என்றும் சொன்னார். கடைசி பெஞ்சு உலகப் பொது நிறுவனம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விதி எல்லாருக்கும் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மாறி மாறிச் சேர்க்க வேண்டும். நாலாவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடியவர் உள்ளே தன் இனிஷியலை எழுதிக்கொண்டு இன்னொரு கோடும் போட வேண்டும். இந்த ‘வேண்டும்’ என்ற சொல்லை மாணவர் சமுதாயம் நெடுங்காலமாகப் பரிசாகவே எண்ணி வந்திருக்கிறது. அது தண்டனை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நாலுக்கு நாலு, பதினாறு புள்ளி. ஒன்பது கட்டம், இருபத்துநாலு கோடு. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். பதின்மூன்று கோடு போட்டாயிற்று. யாருக்கும் கட்டம் கிடைக்கவில்லை. எல்லாக் கட்டத்துக்கும் இரண்டிரண்டு கோடு விழுந்திருக்கிறது. வலது மேல்மூலையின் நாலு கட்டங்கள் ‘ப’ வடிவில், இரு முனையும் மேலே திறந்து, ஒரு சந்துபோல் கிடக்கின்றன. இடது ஓரமும் கீழ் வரிசையும் சேர்ந்த ஐந்து கட்டங்கள் ‘ட’ வடிவில் இன்னொரு சந்து. இனி யார் எங்கே கோடு போட்டாலும் ஒரு சந்து முழுக்க மற்றவருக்குத் திறந்துவிடும். முறை எதிராளியுடையது. அவர் நெடுநேரம் யோசித்து, நஷ்டம் குறைவென்று ‘ப’வின் இடது வாயை மூடுகிறார்.

ஆசை என்ன சொல்லும்? நாலையும் அள்ளு என்று சொல்லும். அள்ளினால் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டே தீரவேண்டும்; மிச்சமிருப்பது ‘ட’ மட்டும். எதிராளி ஐந்தையும் எடுத்துக்கொள்வார். நாலுக்கு ஐந்து, தோல்வி.

கற்றோர் செய்வது வேறு. இரண்டு கட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதை மூடாமல், ‘ப’வின் வலது வாயை மூடிவிடுகிறார்கள். இப்போது நடுக்கோடு மட்டும் இல்லாத இரட்டைக் கட்டம் ஒன்று எதிராளியின் முன்னால். “கண்ணு தெரியலையாடா, ரெண்டை விட்டுட்ட!” என்று அவர் ஒரே இழுப்பில் இரண்டையும் பிடிக்கிறார். சிரிப்பு அடங்குமுன் இன்னொரு கோடு போட வேண்டும். ‘ட’ திறக்கிறது. ஐந்தும் உங்களுக்கு. ஏழுக்கு இரண்டு. இரட்டையைத் தொடாமல் அவர் விலகினாலும் ‘ட’வைத்தான் தொட வேண்டும், தப்ப வழியில்லை.

இந்தத் தந்திரத்துக்கு மூன்று கட்டமாவது உள்ள சந்து வேண்டும். இரண்டே கட்டமுள்ள சந்து என்றால், விவரமான எதிராளி நடுக்கோட்டைத் தானே போட்டுத் திறப்பார். அதற்குப்பின் விட்டுவைக்க ஒன்றுமில்லை, எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு அல்லாட வேண்டியதுதான். வாயே இல்லாமல் வட்டமாகச் சுற்றிய சந்து என்றால் விடவேண்டியது இரண்டல்ல, நாலு. அந்த அளவு தாராளம் எல்லாருக்கும் வராது.

ஆகவே உண்மையான சண்டை கட்டம் பிடிப்பதில் இல்லை. கடைசியில் எத்தனை நீண்ட சந்து அமையும் என்பதில்தான். அமெரிக்கக் கணிதர் எல்வின் பெர்லகாம்ப் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதி, இந்தக் கணக்கை விளக்கியிருக்கிறார். பதினாறு புள்ளி ஆட்டத்தில் முதலில் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் நீண்ட சந்துகள் இரட்டைப்படையில் அமைவது நல்லது, அடுத்தவருக்கு ஒற்றைப்படை. இருபத்தைந்து புள்ளி வைத்தால் இது தலைகீழாகும். எண்ணிக்கை தனக்குச் சாதகமில்லை என்று கண்டவர், ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு கட்டத்தை வேண்டுமென்றே தானம் செய்து, உருவாகிவரும் சந்தை வெட்டிவிடலாம்.

பெஞ்சில் இருவருக்கும் இது தெரிந்துவிட்டால் ஆட்டம் மெதுவாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் பென்சிலைக் கடித்தபடி யோசிப்பார்கள். அந்த வேகத்தில் நாலுக்கு நாலு ஆட்டமே ஒரு மின்தடைக்குத் தாங்கும். அதற்கு மேல் புள்ளி வைப்பவர்கள் மின்வாரியத்தை அளவுக்கு மீறி நம்புகிறார்கள்.