22 முதலாளிகள்

டொராண்டோ

அன்புள்ள அக்கா,

இங்கே மைனஸ் 15. நான் நலம். மூக்கு இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். வேலையெல்லாம் என் 22 பிள்ளைகளுக்குத்தான். சுவரில் ஒரு அட்டவணை, வேலைக்கு ஒரு அட்டை, அதில் பெயர் எழுதிய துணி கிளிப். திங்கள்தோறும் கிளிப் இடம் மாறும்.

எந்த வேலையை அட்டவணையில் ஏற்றுவது என்பதில்தான் சூட்சுமம். பிள்ளை செய்யாமல் விட்டால் வகுப்புக்கு இடைஞ்சல் வர வேண்டும். வராவிட்டால் அது வேலையே இல்லை. அதனால் விளக்கு சுவிட்ச் போடுபவர், வரிசையில் முதலில் நிற்பவர் எல்லாம் நீக்கம். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் நம்மூர் லீடர் பதவியையும் ஒருத்தி கேட்டாள். அது அதிகாரம், பொறுப்பு இல்லையே, தரவில்லை.

பென்சில் சீவுவது நல்ல வேலை. போன வாரம் பென்சில்காரன் மறந்துவிட்டான். கணக்குப் பாடத்தில் 22 பேர் கையிலும் மொட்டைப் பென்சில். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் நான் சீவினால் அந்த வேலை என்னுடையதாகிவிடும். எல்லோரும் கிரேயானில் கூட்டிக் கழித்தார்கள். மறுநாள் மணி அடிக்குமுன் டப்பா நிறையக் கூர்ப் பென்சில்.

வகுப்பில் வளர்க்கும் மீனை அப்படி விட முடியாது. பிள்ளைகள் மீனைப் பட்டினி போடுவதில்லை, ஊட்டியே கொல்வார்கள். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் மிச்சம் அழுகித் தண்ணீர் கலங்கிவிடும். அம்மாவிடம் கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒன்று வாங்கி நாளுக்கு ஒரு வேளை தீனி நிரப்பி வைத்துவிட்டேன். புதன் அறை காலியாக இருந்தால் மீன் சாப்பிட்டாயிற்று. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

அட்டையில் 'நூலகத்தைச் சுத்தமாக வை' என்று எழுதினால் எட்டு வயதுக்குப் புரியாது. 'எல்லாப் புத்தகமும் தட்டில், முதுகு வெளியே தெரிய' என்றால் அவர்களே முடிந்ததா என்று பார்த்துக்கொள்வார்கள். வெள்ளி மாலை 5 நிமிடம், பழைய ஆள் புதிய ஆளுக்குச் செய்து காட்ட வேண்டும். நான் சொன்னால் காதில் ஏறாதது சக பிள்ளை அதட்டினால் ஏறுகிறது.

வேலைகள் 20 தான். மீதி இருவர் மாற்று ஆட்கள். வராதவர்களின் வேலை அவர்களுக்கு. சும்மா இருக்கலாம் என்று ஆசைப்பட்டு வருவார்கள். ஜனவரியில் பாதி வகுப்புக்குச் சளி பிடித்தால், ஒரே பையன் மீனுக்குத் தீனி போட்டு, மேசை துடைத்து, வாசலில் பனி சொட்டும் பூட்ஸுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பான்.

மேசை துடைக்கும் பையனின் அம்மா நேற்று வந்தார். வீட்டில் தட்டைக்கூட நகர்த்தாதவனுக்கு நீங்கள் சம்பளம் எதுவும் கொடுக்கிறீர்களா என்று விசாரித்தார். அத்தானுக்கும் ஒரு கிளிப் வாங்கி அனுப்பட்டுமா?

அன்புடன்,
உன் தங்கை