‘ஓம்’ என்பதன் வகைகள்: ஒரு கழகப் பலகையை முன்வைத்து

நீர்வேலியைப் பற்றி எழுத வருபவர்கள் வாழைக்குலையில் தொடங்கி வாழைக்குலையிலேயே முடித்துவிடுகிறார்கள். இந்த ஆய்வு அந்த மரபை மீறி, விளையாட்டுக் கழகத்தின் அறிவித்தற் பலகையில் தொடங்குகிறது. ஆய்வுக்களம் பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றின் முடிவில் உள்ள மைதானம். மாதிரியின் அளவு ஒன்று, அதாவது ஒரு பலகை. தரவு சேகரித்த முறை, பின்னேரம் நாலரைக்குப் போய் வேப்பமரத்தடி வாங்கில் இருந்தது. கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த கழகத்தார் ‘எங்கடை பலகைக்கு என்ன குறை?’ என்று கேட்பார்கள்.

பலகையில் மூன்று வகைத் தாள்கள் குத்தப்பட்டிருக்கும்: நடக்கப்போகும் ஆட்டங்கள், நடந்த ஆட்டங்களின் முடிவுகள், ஆடியவர்களின் படங்கள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை விளையாட்டுச் செய்தி. என் கருதுகோள் வேறு. இந்தப் பலகை முழுவதும் ‘ஓம்’ என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. ஆட்ட அட்டவணைக்கு அணித்தலைவரின் ஓம் வேண்டும். முடிவுக்கு இரண்டு தலைவர்களின் ஓம் வேண்டும். படத்துக்கு, அதில் தெரியும் ஒவ்வொரு முகத்தின் ஓமும் வேண்டும்.

முதலில் அட்டவணை. கடந்த மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குப் பதினொரு அணிகள் பெயர் கொடுத்திருந்தன. தோற்றவர் வெளியேறும் முறை. எத்தனை ஆட்டம் என்று கேட்டதும் செயலாளர் தாளில் கோடு கீறத் தொடங்கினார். கோடே தேவையில்லை. ஓர் ஆட்டம் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கிண்ணம் வெல்லும் அணியைத் தவிர மற்றப் பத்தும் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே 10 ஆட்டம்.

சிக்கல் ‘பை’யில் இருக்கிறது. எதிராளி இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போவதை மைதானத்தில் ‘பை’ என்பார்கள். சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பதும் கடைப் பையொன்றுக்குள்தான் என்பதால், பைக்குள் கைவிட்டவருக்குப் பை கிடைத்தது என்ற வாக்கியம் இங்கே இலக்கண சுத்தமானது. செயலாளர் அந்தந்தச் சுற்றில் மிஞ்சும் ஓர் அணிக்குப் பை கொடுத்துக்கொண்டு போனார். பதினொன்றில் ஐந்து ஆட்டம், ஒரு பை, மிச்சம் ஆறு. ஆறில் மூன்று ஆட்டம், மிச்சம் மூன்று. மூன்றில் ஓர் ஆட்டம், இன்னொரு பை, மிச்சம் இரண்டு. கூட்டினால் இறுதியாட்டத்தோடு சரியாகப் பத்து வருகிறது. ஆதலால் பிழை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் முதற்சுற்றில் பை பெற்ற அதே அணிக்கு மூன்றாம் சுற்றிலும் பை விழுந்தால், அது ஒரேயொரு ஆட்டம் வென்றுவிட்டு இறுதியாட்டத்தில் வந்து நிற்கும். எதிரே நிற்பவர்கள் மூன்று ஆட்டம் வென்று, முழங்கால் தேய்ந்து வந்திருப்பார்கள். விழுந்தது. ஊரில் ஒரு வாரம் அதே கதை.

தீர்வு பழையது. பைகள் முழுவதையும் முதற்சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிடவேண்டும். பதினொன்றுக்கு மேலே வரும் 2, 4, 8, 16 வரிசை எண் 16. பதினாறில் பதினொன்று போக ஐந்து பை. மிச்சம் ஆறு அணிகள் மூன்று ஆட்டம் ஆடும். வென்ற மூன்றும் பை பெற்ற ஐந்தும் சேர்ந்தால் எட்டு. அதன்பிறகு யாருக்கும் ஓய்வில்லை. எல்லோரும் எல்லோரோடும் மோதும் முறைக்கு இன்னும் அழகான வழி இருக்கிறது: ஓர் அணியை அசையாமல் நிறுத்தி, மற்றவற்றை வட்டமாகச் சுற்றவிடுவது. சதுரங்கக்காரருக்காக இத்தகைய அட்டவணையை ஜேர்மனியரான ரிச்சார்ட் ஷூரிக் 1886 இல் வெளியிட்டுவிட்டார். நீர்வேலிக்கு அது வந்துசேர இன்னும் காலம் இருக்கிறது போலும்.

அட்டவணை சரியாக இருந்தாலும் தலைவரின் ஓம் சரியாக இருக்கவேண்டும். ‘ஞாயிறு மூண்டு மணிக்கு வருவியளோ?’ என்றால், ‘ஓம்’ என்பார். அந்த ஓமுக்குள் அவருடைய பந்துவீச்சாளரின் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் முறை அடங்காது, கோயில் கொடியேற்றம் அடங்காது, ஐப்பசி மழையும் அடங்காது. மழை வந்தால் இந்த மைதானம் ஊரின் பெயருக்கு விளக்கவுரை எழுதும்.

முடிவுத்தாளை விரைவாகக் கடக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். முதல் அணி 10 ஓவரில் 92 ஓட்டம். அடுத்த அணி 8.3 ஓவரில் 61 ஓட்டத்துக்குச் சகல இலக்கும் இழந்தது. ஓட்ட வேகத்தைக் கணக்கிட, கணக்குப்பிள்ளை கைத்தொலைபேசியில் 61 ஐ 8.3 ஆல் பிரித்தார். இதில் இரட்டைப் பிழை. 8.3 என்பது எட்டு ஓவரும் மூன்று பந்தும்; மூன்று பந்து என்றால் அரை ஓவர்; ஆகவே அது எண்ணில் 8.5. அதைவிட, சகல இலக்கும் இழந்த அணிக்கு முழுப் பத்து ஓவரையும் ஆடியதாகத்தான் கணக்கெடுக்கவேண்டும். அப்படியானால் 9.2 இலிருந்து 6.1 ஐக் கழிக்க 3.1 வருகிறது. கணக்குப்பிள்ளையின் வழியில் 1.85. குழுமுறைப் போட்டியென்றால், வென்ற அணி அரையிறுதிக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கும். அதனால்தான் முடிவுத்தாளைப் பலகையில் குத்துமுன் இரண்டு தலைவர்களும் கையெழுத்து வைக்கும் வழக்கம் வந்தது. கையெழுத்து என்பது மை பூசிய ஓம்.

இனி ஆய்வின் நடுப்பகுதி: படம்.

தட்டுப்பட்ட ஓம்களை நான் தரம் பிரித்திருக்கிறேன். ‘ஓம், போடு’ என்பது தெளிந்த ஓம். இதற்கு உரை தேவையில்லை. ‘ஓமோம்’ என்று இரட்டித்தால், கேட்டதைக் கேட்காமலே சொன்னது. தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர் எதற்கும் ஓமோம் என்பார். ‘ஓம், பாப்பம்’ என்பது இல்லை. இதை ஓம் என்று எழுதிக்கொண்டு போகிறவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். ‘ஐயோ, வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே தலைமயிரைக் கோதினால், கேள்வியை இன்னொருமுறை கேட்கவேண்டும் என்று பொருள். ஓம் என்று பொருளல்ல. கடைசி வகை மௌனம். மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சில் செல்லலாம். பலகைக்குச் செல்லாது.

இந்தத் தரம்பிரிப்பு என் கிறுக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது: சம்மதம் வற்புறுத்தல் இல்லாமல், எதற்கென்று தெரிந்து, ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததாக இருக்கவேண்டும், பின்னர் மீளவும் பெறலாம். சிறுவர் பற்றிய தரவை அது தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஒழுங்கை முடிவில் உள்ள ஒரு பலகைவரை அந்தச் சட்டம் நடந்து வருமா என்பது சட்டத்தரணிமாரின் பாடு. பாப்பம் என்றால் ஓம் இல்லை என்ற அளவில் நானும் சட்டமும் ஒருமனதாக இருக்கிறோம்.

மறுப்பவருக்குக் காரணம் இருக்கும், அதைக் கேட்கக்கூடாது. கேட்காமலே தெரியவந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருவர் காய்ச்சல் என்று வேலைக்கு லீவு போட்டிருந்த அன்று, ஆறு அடிக்குக் கால் தூக்கி அந்தரத்தில் பிடியெடுத்த படம் பலகையில் ஏறியது. பிடி அருமையானது. காய்ச்சலும் அன்றே மாறிவிட்டது என்று அவர் அலுவலகத்தில் விளக்கவேண்டி வந்தது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இறுதியாட்டம் முடிந்து குழுப்படம்: பதினொருவரும் மாற்றாளர் இருவரும், முன்னால் குந்தியிருக்கும் பந்து பொறுக்கும் பெடியன் ஒருவனும். பதின்மூன்று பெரியவர்களில் பன்னிருவர் ‘ஓம், போடு’. ஒருவர் ‘பாப்பம்’. பெடியனைக் கேட்கத் தேவையில்லை, தாயைக் கேட்கவேண்டும். அதோடு பெடியனையும் கேட்பது நல்லது, அவனுக்கும் முகம் ஒன்றுதான். பாப்பம் சொன்னவரை நடுவில் நிறுத்திவிட்டால் பிறகு படத்தைத் தூக்கி எறியவேண்டியதுதான். கமராக்காரத் தம்பி கெட்டிக்காரன். அவரைக் கரையில் நிறுத்தி, அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு கை அகலம் இடம் விட்டு ஒரு படம். அவர் விலகி நிற்க இன்னொரு படம். முதலாவது அவருடைய வீட்டுக்கு. இரண்டாவது பலகைக்கு. முகத்தின் மேல் மஞ்சள் வட்டம் ஒட்டும் வேலையை இந்தக் கழகம் ஒருமுறை செய்துபார்த்துக் கைவிட்டது. வட்டம் ஒட்டியதும் ஊர் முழுவதும் கேட்டது, ‘அதார் அந்த வட்டம்?’

பெடியனின் படத்துக்குக் கீழே எழுதும் வரியில்தான் பெரிய பிழை விடுவார்கள். முழுப்பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம், ‘திங்கள், புதன் பின்னேரங்களில் இம்மைதானத்தில் பயிற்சி பெறுகிறார்’. பாராட்டி எழுதியதுதான். ஆனால் அறியாத ஒருவருக்கு முகம், பெயர், இடம், நேரம் நான்கையும் ஒரே வரியில் கொடுத்தாயிற்று. சிறுவர் படம் போட்டால் முழுப்பெயரைப் போடாமல் விடுவது, பெயர் போட்டால் படத்தை விடுவது என்பது விளையாட்டில் சிறுவர் பாதுகாப்புப் பார்ப்பவர்களின் பொதுவிதி. ஜேர்சி முதுகில் பெயர் இருந்தால் முன்பக்கமாக எடுக்கவேண்டும் என்பதையும் தம்பி தானாகவே கண்டுபிடித்தான்.

செயலாளரிடம் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஓம் நாலு முறை கேட்கப்படுகிறது: பலகைக்கு, கழகத்தின் வைபர் குழுவுக்கு, பத்திரிகைக்கு, அனுசரணையாளரின் விளம்பரத்துக்கு. ஏன் நாலு? பலகையில் குத்திய படத்தை ஊசியைக் கழற்றி எடுக்கலாம். வைபருக்குப் போன படம் அன்றிரவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும். ‘வேண்டாம்’ என்று பிறகு சொன்னால் செயலாளர் குழுவில் அழிக்கலாம், மாமாமாரின் தொலைபேசியில் அழிக்கமுடியாது. கொப்பியின் முதற்பக்கத்திலேயே அதை எழுதிவைத்திருக்கிறார். விளம்பரம் வேறு சங்கதி. பலகைக்கு ஓம் சொன்ன துடுப்பாட்டக்காரர், உரக்கடைச் சுவரொட்டியில் தன் முகத்தைக் கண்டால் அது அவர் சொன்ன ஓம் அல்ல.

ஆய்வாளர் தன்னையும் ஆய்வுக்குட்படுத்தவேண்டும் என்பது முறை. பலகையின் வலது மூலையில், வேப்பமரத்தடி வாங்கில் வாய் திறந்து நித்திரை கொள்ளும் ஒருவரின் படம் இருக்கிறது. மடியில் ஆய்வுக் குறிப்புகள். கொப்பி வருமுன் குத்தியது. எவரும் என்னைக் கேட்கவில்லை. போன கிழமை செயலாளர் சங்கடத்தோடு வந்தார்.

“அண்ணை, கேக்காமப் போட்டிட்டம். கழட்டட்டே?”

“ஓம், பாப்பம்,” என்றேன்.

அவர் யாழ்ப்பாணத்தவர். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.